நோட்டில் லாபம், கல்லாவில் துண்டு

குவைத்தில் பதினோரு வருடம் மெஸ் அடுப்படியில் நின்றவர், ஊர் திரும்பி அறந்தாங்கி பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை போட்டார். ஆளும் கடையும் இந்தக் கதைக்காகச் சேர்த்தவை. அவருடைய முதல் மாதக் கணக்கு மட்டும் ஊர் ஊருக்கு நடக்கிற கணக்கு.

கடை அட்வான்ஸ், பாய்லர், பெஞ்சு, டம்ளர் எல்லாம் போக, கல்லாவில் சுழலுக்கென்று 10,000 ரூபாய் வைத்திருந்தார். டீ 12 ரூபாய். முதல் வாரத்திலேயே ஒரு நாளைக்கு 250 டீ ஓடியது. பால் 20 லிட்டருக்கு 1,000, தூள் 300, சர்க்கரை 110, கேஸ் நாள் கணக்கில் பார்த்தால் 380, மாஸ்டர் கூலி 500, நாள் வாடகை 200. ஆக 2,490 செலவு, 3,000 விற்பனை. நாளுக்கு 510 ரூபாய் லாபம். வீட்டுச் செலவுக்கு 400 எடுத்தாலும் மிச்சம்தானே என்று நினைத்தார். தப்பில்லாத கணக்குதான்.

ஆனால் அந்த 3,000-இல் 600 ரூபாய் நோட்டில் இருந்தது. "அண்ணே, எழுதிக்கங்க" என்று எழுந்து போகிற ஐம்பது டீ. ஊரெல்லாம் தெரிந்த முகம், புதுக்கடை வேறு, மறுத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எழுதினார். கையில் வந்ததோ 2,400, போனது வீட்டுச் செலவோடு 2,890. தினமும் 490 துண்டு விழுந்தது. கூட்டம் நிற்கிற கடையில் இது கண்ணுக்குத் தெரியாது. ஜிபே-யில் வந்த பணம் வீட்டுக் கணக்கிலேயே விழுந்து, போன் பில்லோடும் இன்சூரன்ஸோடும் கலந்துபோனதால் இன்னும் தெரியவில்லை.

இருபதாம் நாள் இரவு சிலிண்டர் தீர்ந்தது. கல்லாவைக் கவிழ்த்துப் பார்த்தால் 200 ரூபாய். திருட்டுப் போயிருக்குமோ என்று மாஸ்டர்மேல்கூடச் சந்தேகம் வந்தது. எதுவும் தொலையவில்லை. இருபது நாள் லாபம் 10,200. வீட்டுக்கு எடுத்தது 8,000. முதலில் போட்ட 10,000-ஐயும் சேர்த்தால் 12,200 இருக்க வேண்டும். இருந்தது: கல்லாவில் 200, நோட்டில் 12,000. லாபம் வந்திருக்கிறது, ரூபாயாக வரவில்லை. சிலிண்டர்காரர் நோட்டை வாங்கிக்கொள்ள மாட்டார்.

மறுநாள் காலையில் டீ குடிக்க வந்த தண்டல்காரர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பத்தாயிரம் எழுதிக்கலாம் மாப்ள. 8,500 கையில, தினம் நூறு, நூறு நாள். உனக்கு ஓடுற கடைக்கு நூறு ஒரு காசா?" பாதிக் கடைத்தெரு இப்படித்தான் ஓடுகிறது. 1,500 ரூபாய் வட்டி பெரிதாகத் தெரியாது. ஆனால் வாங்கிய 8,500-ம் நூறு நாளும் கையில் நிற்பதில்லை. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். சராசரியாகக் கையில் நிற்பது அதில் பாதிதான். அந்தப் பாதிக்கு நூறே நாளில் 1,500 என்றால், வருடக் கணக்கில் ஏறக்குறைய 120 சதவீதம். அதோடு, ஏற்கெனவே 490 துண்டு விழுகிற கல்லாவிலிருந்து இன்னொரு நூறு போகும்.

தடுத்தது மனைவி. மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். "ஏங்க, பேங்க்ல ரெண்டு லட்சம் கிடக்கு, அதை வச்சுக்கிட்டா தண்டல் வாங்குவாங்க?" அதை முறிக்கக் கூடாது என்பதுதான் இவருடைய பிடிவாதம். முறிக்கத் தேவையே இல்லை. நிரந்தர வைப்பின் மேலேயே வங்கி கடன் தரும். வழக்கமாக வைப்புக்குக் கிடைக்கிற வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். 9 சதவீதம் என்று வைத்தால்கூட 8,500-க்கு நூறு நாளில் 210 ரூபாய் வராது. (இவருடையது என்.ஆர்.இ. கணக்கு. ஊரோடு வந்துவிட்டவர்கள் அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். வைப்பு முதிரும்வரை பேசிய வட்டி கிடைக்கும், வரிவிலக்கு மட்டும் நின்றுபோகும். பலர் இதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.)

வங்கிக்குப் போவதற்கு முன்னால் அந்தம்மா இன்னொன்றும் கேட்டார்: "பால்காரருக்கு ஏன் தினம் கொடுக்குறீங்க?" கையில் காசு இருக்கும்போது கடன் வைப்பது கேவலம் என்று நினைப்பு. வாங்குகிறதெல்லாம் ரொக்கம், விற்பது மட்டும் கடன். இப்படி இருந்தால் எந்தக் கடையும் மூச்சுத் திணறும். அந்தப் பால்காரர் மற்ற கடைகளில் வாரம் ஒருமுறைதான் பணம் வாங்குகிறார். தூள் கம்பெனி ஆள் பில்லுக்கு பில். அடுத்த சரக்கு இறக்கும்போது முந்தின பில்லைத் தீர்த்தால் போதும், இடையில் பதினைந்து நாள். பாலில் 7,000, தூளில் 4,500. நோட்டில் முடங்கியிருந்த 12,000-க்குக் கிட்டத்தட்ட ஈடு, வட்டியில்லாமல். ஆனால் வாரக் கடைசியில் பால் பணம் ஒருமுறை தவறினாலும் மறுநாள் பால் வராது. அதனால் தினமும் ஆயிரத்தை எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். சிலிண்டர் பிடிக்க வைப்பின் மேல் 5,000 மட்டும் எடுத்தார்கள்.

மாதம் முடிந்தபோது நோட்டில் 18,000 ஏறியிருந்தது, வசூலானது 11,000. நூற்றுக்கு அறுபத்தொன்று. ஒரு டீக்குப் பாலும் தூளும் சர்க்கரையும் கேஸும் சேர்த்து 7 ரூபாய் 16 காசு ஆகிறது. 12 ரூபாயில் அறுபது சதவீதம் 7 ரூபாய் 20 காசு. ஆக அந்த ஐம்பது பேருக்கும் போட்ட டீயில் சரக்குக் காசு மட்டும் திரும்பியிருக்கிறது. ஆற்றிய கைக்கு ஒன்றுமில்லை. கடனே கொடுக்காமல் அவர்கள் எதிர்க்கடைக்குப் போயிருந்தாலும் கல்லாவில் இதேதான் நின்றிருக்கும். இதை இப்படியும் பார்க்கலாம்: அறுபதுக்கு மேல் வசூலாகிற ஒவ்வொரு ரூபாயும் லாபம். கடன் கொடுப்பது முட்டாள்தனமில்லை, யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குவைத்தில் இவரே பக்காலாவில் நோட்டு வைத்திருந்தவர். சோப்பு, சிகரெட், போன் கார்டு எல்லாம் எழுதி வாங்கி, சம்பளம் வந்த அன்று தீர்ப்பார். அந்தக் கடைக்காரருக்கு இவர் எந்த கம்பெனி, சம்பளம் எந்தத் தேதி என்பது தெரியும். அந்தத் தேதியில் வாசலிலேயே நிற்பார். இங்கே இவர் எல்லாரையும் மாதக் கடைசி என்று ஒரே கயிற்றில் கட்டியிருந்தார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களுக்குத் தினம் காசு வருகிறது. மாதக் கடைசியில் 700 ரூபாய் மொத்தமாகக் கேட்டால் அது அவர்களிடம் இருக்காது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. ஞாயிறு காலையில் கேட்டால் பாதி கரைந்திருக்கும். ஆபீசுக்கு டீ போவது மட்டும்தான் மாதக் கணக்குக்குச் சரி. அங்கே ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் வந்தது.

இரண்டாம் மாதம் நோட்டைப் பிரித்தார்கள். ஆட்டோக்காரர்களுக்கு ராத்திரி வண்டி எடுப்பதற்குள். கொத்தனார் கணக்கு சனிக்கிழமை ஆறு மணிக்கு, கூலி வாங்கிய கையோடு. ஒருவருக்கு 150-க்கு மேல் எழுதுவதில்லை. அந்தந்த ஆளின் பாக்கியை நோட்டில் அவர் கையாலேயே எழுதவைத்தார், "நான் அத்தனை டீயா குடிச்சேன்?" என்ற தகராறு அதோடு நின்றது. பழைய 7,000-ஐ மொத்தமாகக் கேட்கவில்லை. புது டீக்குக் காசு வாங்கும்போது பழைய பாக்கியில் பத்தோ இருபதோ சேர்த்துக் கேட்டார். பெரும்பாலும் கொடுத்தார்கள். கொஞ்சப் பேர் எதிர்க்கடைக்கு மாறிப்போனார்கள், அவர்கள் பக்கத்தில் மட்டும் 1,900 நிற்கிறது. மாமன் மகன் பெயரில் 640 ரூபாய். அதை எப்படிக் கேட்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.