தாழ்ந்த கரைத் தூணைத் தூக்கும் கம்பி

2013 ஜூன் வெள்ளம் உத்தராகண்டில் மந்தாகினி ஆற்றின் மீதிருந்த பாலங்கள் பலவற்றை அடித்துச் சென்றது. அதன்பின் கரையோர ஊர்க்காரர்கள், கம்பி வடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டியில் ஏறித்தான் அக்கரைக்குப் போனார்கள். நேபாள மலைகளிலும் இந்த வழக்கம் உண்டு; அங்கே இதற்குத் துயின் என்று பெயர். மலையாற்றின் இரு கரைகளும் ஒரே உயரத்தில் அமைவது அபூர்வம். ஒரு தூண் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நிற்கும். அப்படியானால் தொட்டியின் பாரத்தை எந்தத் தூண் எவ்வளவு சுமக்கிறது?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தூண்களுக்கு இடையே 60 மீட்டர். மேட்டுத் தூணின் தலை, பள்ளத்துத் தூணின் தலையைவிட 6 மீட்டர் உயரம். ஆட்களோடும் மூட்டையோடும் தொட்டியின் எடை 300 கிலோ. அது நட்டநடுவே வந்து நிற்கும்போது பள்ளத்துத் தூணின் தலைமட்டத்துக்கு 2 மீட்டர் கீழே, அதாவது மேட்டுத் தூணின் தலைக்கு 8 மீட்டர் கீழே தொங்குகிறது.

பாரம் நேர்கீழாக மட்டுமே இழுக்கிறது, பக்கவாட்டில் இழுப்பதில்லை. ஆகவே இரு புறத்துக் கம்பிகளின் கிடைமட்ட இழுப்பும் சமமாக இருந்தால்தான் தொட்டி அங்கே நிற்கும். ஒவ்வொரு புறமும் மேல்நோக்கி எவ்வளவு தாங்குகிறது என்பது அந்தப் புறத்துச் சரிவைப் பொறுத்தது. மேட்டுப் பக்கம் 30 மீட்டருக்கு 8 மீட்டர் சரிவு. பள்ளப் பக்கம் 30-க்கு 2. இரண்டும் சேர்ந்து 30-க்கு 10, அதாவது மூன்றில் ஒரு பங்கு. கிடைமட்ட இழுப்பின் மூன்றில் ஒரு பங்கு 300 கிலோ என்றால், அந்த இழுப்பு 900 கிலோ.

தொங்கும் எடையைப் போல மூன்று மடங்கு! இரு தூண்களின் தலையையும் ஆற்றை நோக்கிச் சாய்க்கப் பார்ப்பது இந்த 900 கிலோதான். அதனால்தான் வடத்தைத் தூணோடு முடித்துவிடாமல், அதன் தலைமீது ஏற்றிப் பின்னால் இறக்கி, நிலத்தில் புதைத்த கான்கிரீட் நங்கூரத்தில் கட்டுகிறார்கள்.

நடுவில் நிற்கும் பாரம் ஆளுக்குப் பாதியாகப் பிரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது: ஆற்றுப் பக்கக் கம்பியிலிருந்து மேட்டுத் தூணுக்கு 240 கிலோ, பள்ளத்துத் தூணுக்கு 60 கிலோ. கிடைமட்ட இழுப்பையும் இதையும் சேர்த்தால், மேட்டுப் பக்க இழுவிசை சுமார் 931 கிலோ, பள்ளப் பக்கம் 902. தொட்டி கப்பியில் உருள்வதால் ஒரே வடத்தின் இரு புறமும் இழுவிசை அநேகமாக ஒன்றாகவே இருக்கும். குறைகிற 29 கிலோவை மேட்டுப் பக்கமிருந்து பிடித்திருக்கும் இழுகயிறு தாங்குகிறது. அதை விட்டால் தொட்டி பள்ளத்தை நோக்கி உருளும். வடத்தின் சொந்த எடையை இங்கே விட்டுவிட்டேன். மீட்டருக்கு அரைக் கிலோ அளவுள்ள வடமானால், கிடைமட்ட இழுப்பில் அது சேர்ப்பது 50 கிலோவுக்குள்தான்.

இரு தூண் தலைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், இந்த வடம் நடுவில் அந்தக் கோட்டுக்கு 5 மீட்டர் கீழே தொய்ந்திருக்கிறது. கிடைமட்ட இழுப்பைத் தீர்மானிப்பது இந்தத் தொய்வு. தூண்களின் உயர வித்தியாசம் அல்ல. தொய்வு பாதியானால் இழுப்பு இரட்டிக்கும். உயர வித்தியாசம் செய்வதெல்லாம், பாரத்தை இரு தூண்களுக்கும் ஏற்றத்தாழ்வாகப் பிரிப்பதுதான்.

தொட்டி தாழ்ந்து தொங்குகிறதே, தண்ணீர் தொட்டுவிடுமே என்று வடத்தை முறுக்கி இழுக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. தொய்வை 3 மீட்டராக்கினால் இழுப்பு 1,500 கிலோ. அப்போது பாரம் சரியாகப் பள்ளத்துத் தூணின் தலைமட்டத்தில் நிற்கும். அந்தத் தூண் அதன் எடையில் ஒரு கிலோகூடச் சுமக்காது. இன்னும் இழுத்து 1.5 மீட்டராக்கினால் இழுப்பு 3,000 கிலோ. இதற்கு உள்ளே இழுக்க வேண்டிய வடம் மொத்தமே ஒரு மீட்டருக்கும் குறைவு. இப்போது பாரம் பள்ளத்துத் தூணின் தலைக்கு மேலே நிற்பதால், ஆற்றுப் பக்கக் கம்பி அந்த முனையை 150 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது. மேட்டுப் பக்கமோ பாரத்தின் 300-ஐயும் இந்த 150-ஐயும் சேர்த்து 450 கிலோ தாங்குகிறது.

பாரம் தாங்கவே கட்டிய தூணுக்கு மேல்நோக்கிய இழுப்பைச் சமாளிக்கத் தெரியாது. பின்னால் இறங்கும் வடத்தின் கீழ்நோக்கிய இழுப்பு இந்தத் தூக்கத்தைவிடக் குறைவாக இருக்கும்போது, தலையில் பள்ளம் வெட்டி வடத்தைச் சும்மா உட்கார வைத்திருந்தால் அது பள்ளத்தை விட்டு எழும்பும். பிணைத்திருந்தால் மிஞ்சும் தூக்கம் அடித்தளம்வரை இறங்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பாரம் ஏற்றிய தொட்டியை நடுவில் நிறுத்திவிட்டு, பள்ளத்துத் தூணின் பக்கத்தில் நின்று வடத்தைப் பார்த்தால் போதும். தூண் தலையிலிருந்து அது தொட்டியை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். மட்டமாகவோ ஏறுமுகமாகவோ போனால், ஆட்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டு வடத்தைத் தளர்த்த வேண்டும். தண்ணீர் எட்டாதிருக்க இரு தூண்களையும் உயர்த்திக் கட்டுவதே வழி.