பாட்டியைத் தொலைத்த 50 மெகாபிக்சல்!

போன கார்த்திகை தீபம். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல என் நண்பனோட பாட்டி வீடு. மொட்டை மாடியில் நின்னா மலை உச்சி பளிச்னு தெரியும். சாயந்திரம் ஆறு மணி. உச்சியில் ஜோதி எரிய ஆரம்பிச்சதும் தெரு முழுக்க 'அரோகரா' சத்தம். பாட்டி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட, நண்பன் டபக்குனு போனை எடுத்து ஒரு கிளிக்.

ராத்திரி அதைப் பெருசாக்கிப் பார்த்தா... ஜோதி இருக்கு, மலை இருக்கு, பாட்டி முகத்துல மட்டும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஒரே புள்ளி. கை ரெண்டும் புகை மாதிரி கலைஞ்சிருக்கு. "முட்டி வலியோட மாடி ஏறினேன்டா, மூஞ்சியவே காணோமே!"ன்னு பாட்டி சிரிச்சாங்க. நண்பனுக்குத்தான் அழுகையே வந்துடுச்சு. "ஸ்பெஷல் போட்டோவாச்சேன்னு 50MP ஆன் பண்ணித்தான்டா எடுத்தேன்!"

அதான் பாஸ் பிரச்னையே!

நாலு டம்ளர், ஒரு சொம்பு

உங்க போன் 50 மெகாபிக்சலா? கேலரியில் ஏதாவது ஒரு போட்டோவோட விவரத்தைத் திறந்து பாருங்க. பெரும்பாலும் 4080 × 3072ன்னு இருக்கும். பெருக்கினா 12.5 மெகாபிக்சல்தான். மிச்சம் எங்கே போச்சு? யாரும் திருடலை. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற நாலு பிக்சலை ஒண்ணா சேர்த்து ஒரே பிக்சலா கணக்கு வெச்சிருக்கு போன். இதுக்குப் பேர்தான் பிக்சல் பின்னிங்.

ஏன் சேர்க்கணும்? வெளிச்சம்கிறது மழைத்துளி மாதிரி, ஃபோட்டான் ஃபோட்டானா வந்து விழும். ஒரே அளவு டம்ளர் நாலை மழையில் வெச்சா நாலிலும் ஒரே அளவு தண்ணி நிக்காது. ஒண்ணுல கூட, ஒண்ணுல குறைய. சராசரியா 9 ஃபோட்டான் விழுற பிக்சல்ல இந்த ஏத்த இறக்கம் சுமார் 3 (9-ன் வர்க்கமூலம்). அதாவது மூணுல ஒரு பங்கு தப்பு! இதுதான் பாட்டி முகத்துல விழுந்த மணல். நாலையும் ஒரே சொம்புல ஊத்தினா 36 ஃபோட்டான், ஏத்த இறக்கம் 6. தப்பு ஆறுல ஒரு பங்கா குறைஞ்சிடும்.

நல்ல வெயில்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆயிரக்கணக்குல ஃபோட்டான் கிடைக்கும். அப்போ ஏத்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. ஆக, பின்னிங் காப்பாத்துறது இருட்டுல.

இன்னொண்ணும் இருக்கு. சாதாரண மோடில் போன் ஒரு கிளிக்குக்குள்ளேயே சடசடன்னு பல படம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு புள்ளியைத் துடைச்சிடும். ஃபுல் ரெசல்யூஷன்ல ஒவ்வொரு படமும் நாலு மடங்கு பெருசு. அதனால பல போன்கள் இந்த வேலையைக் குறைச்சுக்கும், சிலது விட்டே விட்டுடும். இருட்டை ஈடுகட்ட ஷட்டரை அதிக நேரம் திறந்து வெச்சா, அசையுற கை புகையாத்தான் வரும்.

கலர்லயும் ஒரு யூகம்

2018ல சோனி கொண்டுவந்த 48 மெகாபிக்சல் ஐஎம்எக்ஸ்586 சென்சார் மூலமாத்தான் இந்த டெக்னிக் போன்களில் பரவலாச்சு. அதுல சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு பிக்சல் இல்லை, நாலு பிக்சல். நாலும் ஒரே கலரைத்தான் பார்க்கும். சேர்த்து எடுத்தா சிக்கலே இல்லை. தனித்தனியா எடுத்தா, 'இந்த இடத்துல மத்த ரெண்டு கலர் எவ்வளவு?'ன்னு தள்ளி இருக்கிற பிக்சலைப் பார்த்து போன் யூகிக்கணும். ஜரிகைக் கோடு, ஜன்னல் கம்பி மாதிரி நெருக்கமான டிசைன்ல அந்த யூகம் தப்பி, இல்லாத பச்சையும் ஊதாவும் எட்டிப் பார்க்கும்.

லென்ஸுக்கும் ஒரு எல்லை உண்டு. f/1.8 லென்ஸ், ஒரு புள்ளி வெளிச்சத்தைச் சுமார் 2.4 மைக்ரான் அகல வட்டமாத்தான் சென்சார்ல இறக்கும். பிக்சல் அகலம் 0.8 மைக்ரான்னா, அந்த ஒரு வட்டத்துக்குள்ள வரிசையா மூணு பிக்சல் உட்கார்ந்துடும். அதனால பிக்சல் நாலு மடங்குன்னா விவரமும் நாலு மடங்குன்னு நம்பாதீங்க.

அப்போ அந்த பட்டன் எதுக்கு?

மறுநாள் ஆசிரமத்துக்குப் பின்னால மலையேறுற பாதையில் ஸ்கந்தாசிரமம் போனோம். அந்தப் பக்கத்துப் பாறையில் நின்னா அண்ணாமலையார் கோயில் மொத்தமும் கீழே விரியும். இங்கே போட்டோ எடுக்க நேரம் முக்கியம். காலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னால இருந்து நம்ம கண்ணுல அடிக்கும். சாயந்திரம் ஆனா மலையோட நிழலே கோயில் மேல சாயும். மதியம் தாண்டி மூணு மணி வாக்குலதான் வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருந்து கோபுரங்கள் மேல விழும்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். நிக்கிற இடத்துல இருந்து தூரம் ஒரு கிலோமீட்டர்னு வெச்சுக்குங்க. சாதாரண போனோட மெயின் கேமராவில் 12.5 மெகாபிக்சல்ல எடுத்தா, கோபுரத்தோட உயரம் படத்துல சுமார் 187 பிக்சல்தான். பதினோரு நிலை இருக்கே, சராசரியா நிலைக்கு 17 பிக்சல். அதுக்குள்ள சிலையை எங்கே தேடுறது? 50 மெகாபிக்சல்ல அதே கோபுரம் 374 பிக்சல், நிலைக்கு 34. நிலைகளுக்கு நடுவுல இருக்கிற கோடு பிரிஞ்சு தெரிஞ்சுது, சிலை வரிசை சொரசொரப்பா கண்ணுக்குக் கிடைச்சுது.

லாபம் பிரின்ட் போடும்போதுதான் புரிஞ்சுது. நடுவுல இருக்கிற கால்வாசிப் படத்தை மட்டும் வெட்டி, 12-க்கு 18 இன்ச் பிரின்ட் போட நினைச்சோம். சாதாரண படத்தை வெட்டினா 3 மெகாபிக்சல்தான் மிச்சம், இன்ச்சுக்கு 113 புள்ளி. கிட்டப் பார்த்தா வழவழன்னு இருக்கும். பெரிய படத்தை வெட்டினா இன்ச்சுக்கு 227. சுவத்துல மாட்ட தாராளம்.

கவனிச்சீங்களா? நல்ல வெயில், அசையாத பொருள், தூரத்துல பொடிப்பொடி விவரம், பிறகு வெட்டவோ பெருசா பிரின்ட் போடவோ போற படம். இந்த நாலும் சேர்ந்தாதான் 50 மெகாபிக்சலுக்கு வேலை. ஏ4 சைஸ் பிரின்ட்டுக்கு 9 மெகாபிக்சலே போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், அங்கே 50-ம் 12-ம் ஒண்ணுதான்.

உங்க போன் எப்படி?

கம்பெனி சொல்றதை விடுங்க, நீங்களே டெஸ்ட் பண்ணலாம். பகல்ல போனை ஒரு கல்லு மேல சாய்ச்சு வெச்சு, டைமர் போட்டு, ரெண்டு மோடிலும் ஒரே காட்சியை எடுங்க. தூரத்து போர்டு எழுத்தை ரெண்டு படத்திலும் ஒரே சைஸுக்குப் பெருசாக்குங்க. 50-ல் புதுசா ஒரு எழுத்து படிக்க முடிஞ்சா லாபம். அதே எழுத்து சும்மா பெருசா மட்டும் தெரிஞ்சா, நீங்க நிரப்பினது மெமரியைத்தான்.

இன்னொரு விஷயம், சில போன்கள்ல 2x பட்டனே இந்த வேலையைச் செஞ்சுடும். 2022ல வந்த ஐபோன் 14 ப்ரோ, 48 மெகாபிக்சல் சென்சாரோட நடுவுல இருக்கிற 12 மெகாபிக்சலை மட்டும் எடுத்து 2x படமா தரும். வெட்டுற வேலை மிச்சம்.

சரி, பாட்டி? மலை உச்சியில் ஜோதி ஒரே நாள்ல அணையறதில்லையே, தொடர்ந்து எரியுமே! மறுநாள் சாயந்திரமும் பாட்டி முனகிக்கிட்டே மாடி ஏறினாங்க. இந்தத் தடவை சாதாரண மோடு, போன் கைப்பிடிச் சுவர் மேல. "ரெண்டு செகண்ட் அசையாம இருங்க பாட்டி!"

ஜோதி, மலை, கூப்பின கை, மூக்குத்தி... எல்லாம் இருக்கு. வெறும் 12.5 மெகாபிக்சல்ல!