அறுபது அடிவைப்புக்கு ஒரு மல்லாரி

கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது முதலில் தவில் முழங்கும். அது ஓய்ந்ததும் நாதஸ்வரம் கம்பீரநாட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு மல்லாரியைத் தொடங்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. சுவரங்களும் தாளக் கணக்கும்தான் அதன் உடல். தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று சடங்குக்குத் தக்கபடி அது மாறும்.

மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒலிக்கப் புதிதாக ஓர் இசை வேண்டும், அது நாதஸ்வரமும் தவிலுமாக இருக்க வேண்டும் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அப்படி இசையமைப்பவருக்கு மல்லாரியை விட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் மல்லாரியை அப்படியே எடுத்து வாசிக்கக் கூடாது என்பது என் எண்ணம். அது தெய்வத்தின் நடைக்கு உரியது. பரம்பரை வித்வான்கள் பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள். அதன் கட்டுமானத்தைக் கற்றுக்கொண்டு, ராகத்தையும் மெட்டையும் புதிதாகச் செய்வதே முறை.

அந்தக் கட்டுமானத்தில் நமக்கு வேண்டியது திரிகாலம். ஒரே சுவர வரிசை முதலில் விளம்பமாக வரும், பிறகு இரட்டிப்பு வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டிப்பில். தாளம் மட்டும் மாறாது. ஊர்வலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. நடப்பவர்களின் கால் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க, மேலே இசை மட்டும் ஏறிக்கொண்டே போகும். பட்டுப்புடவையும் மாலையுமாக வரும் பெண் வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கூட்டத்தில் ஓர் எழுச்சி உண்டாகிவிடும்.

ஒரு மண்டபத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசலிலிருந்து மேடைக்கு 75 அடி. பட்டுப்புடவையில் ஓர் எட்டு ஏறத்தாழ ஒன்றேகால் அடி என்றால் 60 எட்டுகள். நொடிக்கு ஓர் எட்டு, எட்டுக்கு ஒரு தாளத் தட்டு. ஆதி தாளத்துக்கு 8 தட்டு என்பதால் ஓர் ஆவர்த்தனம் 8 நொடி. ஆக எட்டு ஆவர்த்தனம் இருந்தால் மேடை வந்துவிடும்.

ராகத்துக்கு ஹம்சத்வனியை எடுக்கலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ராகம் அது. கம்பீரநாட்டையைப் போலவே ஐந்து சுவரங்கள்தான். அதே பளிச்சென்ற தன்மை. பதினாறு சுவரங்களில் ஒரு வரி: ச ரி க ப – நி ப க ரி – க ப நி ச – நி ப க ரி. மூன்றாம் பகுதியில் வருவது மேல் சட்ஜம். வரி ரிஷபத்தில் நிற்பதைக் கவனியுங்கள். அங்கே காது நிம்மதி அடையாது, அடுத்த சட்ஜத்தைத் தேடும். அந்தத் தேடல்தான் வரியைத் திரும்பத் தொடங்க வைக்கிறது.

முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுவரம். வரி முடிய இரண்டு ஆவர்த்தனம். ஒரு சுவரம் ஒரு நொடி நீள்வதால் நாயனக்காரர் அதை வெறுமனே ஊதி நிறுத்த மாட்டார். கமகத்தால் அசைப்பார், அடுத்த சுவரத்துக்கு வழுக்கிச் செல்வார். இரண்டாம் காலத்தில் தட்டுக்கு இரண்டு சுவரம் என்பதால் வரி இரண்டு முறை வரும். மூன்றாம் காலத்தில் நான்கு முறை. இப்படி ஆறு ஆவர்த்தனம் போகிறது. ஏழாவதில் தவில் மட்டும். எட்டாவது தீர்மானம்.

தீர்மானம் என்பது ஒரே சொல்லை மூன்று முறை சொல்லி, சமத்தில் வந்து இறங்குவது. தட்டுக்கு நான்கு மாத்திரை என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனத்தில் 32 மாத்திரை. ‘தகிட தக ததிங்கிணதொம்’ என்ற சொல்லுக்கு மூன்றும் இரண்டும் ஐந்துமாகப் பத்து மாத்திரை. மூன்று முறைக்கு முப்பது. நடுவில் இரண்டு இடங்களில் ஒரு மாத்திரை இடைவெளி. சரியாக 32. மூன்றாவது ‘தொம்’ முடிந்த உடனே விழும் சமத்தில் மணமக்கள் மேடையின் முதல் படியில் கால் வைக்க வேண்டும்.

ஆனால் வழியில் அத்தை நிறுத்திக் கன்னத்தைத் தடவுவார், புகைப்படக்காரர் கை காட்டுவார். அதனால் ஏழாவது ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தக்கதாக அமைக்க வேண்டும். மேடைக்கு 15 அடி முன்னால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம், ஒரு பூச்சாடி போதும். மணமக்கள் அதைத் தாண்டிய பிறகு வரும் முதல் சமத்தில் தவில்காரர் தீர்மானத்தை எடுப்பார். தீர்மானத்துக்கு எட்டு எட்டுகள், அதாவது பத்து அடி தேவை. எப்படிப் பார்த்தாலும் நான்கு எட்டுக்கு மேல் பிசகாது. வாசலில் ஆரத்தி எடுக்கும் நேரத்தையும் இப்படிக் கணித்துவிட முடியாது. அதற்குத் தாளமில்லாத ஆலாபனை இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், சுருக்கலாம். மணமகள் வலது காலை உள்ளே வைத்ததும் தாளம் தொடங்கும்.

தவிலுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். எழுச்சி வேண்டும் என்று முடிவில் கெட்டிமேளம் போல் உருட்டச் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒலி தாலி கட்டும் நேரத்துக்கு உரியது. அதைக் கேட்டதும் உட்கார்ந்திருப்பவர்கள் கை தன்னால் அட்சதையைத் தேடும். தீர்மானத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்க வேண்டும்.

நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியங்கள். மூடிய மண்டபத்தில் எதிரொலி மூன்றாம் காலத்தை விழுங்கிவிடும். முன்னதாகவே காலி மண்டபத்துக்குப் போய் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ஒலி ஒரு நொடிக்கு மேல் தங்கினால், நொடிக்கு நான்கு சுவரம் என்பது வெறும் இரைச்சலாகிவிடும். அங்கே இரண்டாம் காலத்தோடு நிறுத்திக்கொண்டு, வரியை மேல் ஸ்தாயிக்கு ஏற்றி எழுச்சியை வரவழைக்கலாம். தவிலும் நெருக்கமான சொற்களை விட்டு, தொப்பியின் கனத்த அடியையும் வலந்தலையின் கூரிய அடியையும் விலக்கி விலக்கி வாசிக்க வேண்டும்.

வயலினோ கீபோர்டோ சேர்ந்தால் சுருதிச் சிக்கல் வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து நிலைத்துவிட்ட நீளமான பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும். மற்ற வாத்தியங்கள்தான் அதற்கு இணங்க வேண்டும்; அதைப் பிறருக்காக மாற்ற முடியாது. சீவாளி குளிர்ந்தாலோ காய்ந்தாலோ சுருதி நகரும் என்பதால், நாயனக்காரர் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே மற்றவர்கள் சேர்க்க வேண்டும். குளிர்சாதனக் காற்று நேராக அவர் மேல் படாத இடத்தில் அவரை நிறுத்துங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க நாயனத்தின் மெட்டையும் கீபோர்டிலேயே வாசித்துப் பதிவு செய்கிறார்கள். தவிலின் திரும்ப வரும் பகுதிக்கு அது ஓரளவு உதவும். நாயனத்துக்கு உதவாது. நாயனத்தில் ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் இசை. உதட்டழுத்தமும் மூச்சும் அந்த வழியைப் போடுகின்றன. கட்டைக்குக் கட்டை தாவும் விரல் அதைத் தராது. பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நாயனக்காரரை அழைத்து வந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒலிவாங்கியை அணைசுக்கு நேர் எதிரே வைக்காமல், துளைகளின் ஒலியும் சேர்ந்து விழும்படி சற்றுத் தள்ளி வையுங்கள். முழுப் பதிவையும் ஒரே கோப்பாகக் கொடுக்காமல் ஆலாபனை, ஆறு ஆவர்த்தனம், திரும்ப வரும் தவில், தீர்மானம் என நான்காகப் பிரித்துக் கொடுத்தால், ஒலிப்பெட்டிக்காரர் பூச்சாடியைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பகுதிக்கு மாறலாம். மாற்றம் சமத்தில்தான் நடக்க வேண்டும் என்பதால், தாளம் போடத் தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.