டிக்கெட்டில் பத்தரை மணி நேரம், பயணத்தில் இருபது!

ஜூலை மாதத்தில் சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போகும் ஒரு டிக்கெட். சென்னையில் அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பாடு. துபாயில் 6.50-க்கு இறங்க வேண்டும். அங்கிருந்து 8.30-க்கு அடுத்த விமானம். நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் பிற்பகல் 2.25-க்குப் போய்ச் சேரும். எல்லாமே ஒரே தேதி. (நேரங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நிறுவனத்துக்கு நிறுவனம் இவை மாறும்.)

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும் ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "விடிகாலை நாலுக்கு ஏறினா மதியம் ரெண்டரைக்குப் போயிடலாம்போல. பத்தரை மணி நேரம்தானா?" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. தாளில் அப்படித்தான் தெரிகிறது. உண்மையில் அந்தப் பயணம் 19 மணி 55 நிமிடம்.

விமான டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். சென்னை நேரத்தில் கிளம்பி, நியூயார்க் நேரத்தில் இறங்குகிறோம். இரண்டையும் நேராகக் கழித்தால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. ஆனால் அதே டிக்கெட்டில் நேராகக் கழிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுதான் லேஓவர், அதாவது இடையில் காத்திருக்கும் நேரம். துபாயில் இறங்குவது 6.50, துபாயிலிருந்து கிளம்புவது 8.30. இரண்டும் ஒரே ஊர்க் கடிகாரம் என்பதால் 1 மணி 40 நிமிடம் என்பது சரியான விடை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, மற்றதை மாற்றாமலே கழித்துவிடுகிறார்கள். லேஓவரில் மாற்றவே வேண்டாம்.

பறக்கும் நேரத்துக்கும் மொத்த நேரத்துக்கும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு எல்லா நேரங்களையும் கிரீன்விச் நேரத்துக்குக் கொண்டுவருவது நல்ல வழி. இந்தியா கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் 4 மணி நேரம் முன்னால். நியூயார்க் கோடையில் 4 மணி நேரம் பின்னால். ஆகவே சென்னையின் அதிகாலை 4.00 என்பது கிரீன்விச்சில் முந்தைய இரவு 10.30. துபாயின் 6.50 என்பது அதிகாலை 2.50. முதல் விமானம் 4 மணி 20 நிமிடம் பறக்கிறது. துபாயின் 8.30 என்பது 4.30. நியூயார்க்கின் பிற்பகல் 2.25 என்பது மாலை 6.25. இரண்டாவது விமானம் 13 மணி 55 நிமிடம்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். 4.20, 1.40, 13.55 மூன்றும் சேர்ந்து 19 மணி 55 நிமிடம். முந்தைய இரவு 10.30-இலிருந்து மறுநாள் மாலை 6.25 வரை எண்ணினாலும் அதே 19.55. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் எங்கோ ஒரு நேர வித்தியாசம் தவறாக எடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தவறு பெரும்பாலும் சரியாக ஒரு மணி நேரமாக இருக்கும். காரணம் கோடைக்கால நேரம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னால் வைப்பார்கள். அதனால் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. போன ஜனவரியில் போய்வந்தவர் அந்தப் பத்தரையை நினைவில் வைத்து ஜூலை டிக்கெட்டைச் சரிபார்த்தால் மொத்தம் 20.55 என்று வரும். தனித்தனியே கூட்டியது 19.55 என்று சொல்லும். மிச்சமாக நிற்கும் அந்த ஒரு மணி நேரம் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம் உதைத்தால், இந்தியாவின் ஐந்தரையை ஐந்தாகவோ ஆறாகவோ எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

லேஓவரை நேராகக் கழிக்கலாம் என்ற விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. 2026-இல் லண்டனில் கடிகாரம் பின்னால் போவது அக்டோபர் 25 ஞாயிறு அதிகாலை. சனிக்கிழமை இரவு 10.30-க்கு அங்கே இறங்கி, ஞாயிறு காலை 7.00-க்குக் கிளம்புபவருக்குக் கழித்தால் எட்டரை மணி நேரம். அவர் உட்கார்ந்திருக்கப்போவதோ ஒன்பதரை. நடு இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வருகிறது. மார்ச் கடைசி ஞாயிறு இரவில் இதற்கு நேர் எதிர்: எட்டரை என்று தெரிவது ஏழரைதான். ஆண்டில் இரண்டே இரவுகள் என்றாலும், அந்த இரவில் பயணிப்பவருக்கு அது முழு உண்மை.

திரும்பி வரும் டிக்கெட்டில் தேதியும் சேர்ந்து ஆடும். நியூயார்க்கில் காலை 11.00-க்குப் புறப்பாடு. துபாயில் 7.50, பக்கத்தில் சின்னதாக +1. துபாயிலிருந்து 2.45, பக்கத்தில் +2. சென்னையில் காலை 8.15, அதுவும் +2. இந்தச் சின்ன எண்கள் புறப்பட்ட நாளிலிருந்து எத்தனை நாள் கழித்து என்பதைச் சொல்பவை. இவற்றைக் கவனிக்காதவர், துபாயில் காலையில் இறங்கி அன்று பிற்பகலே ஏறிவிடலாம் என்று நினைப்பார். டிக்கெட்டில் 24 மணி நேரக் கணக்கு என்பதால் 2.45 என்றால் அதிகாலை. பிற்பகல் என்றால் 14.45 என்று இருக்கும். ஆகவே லேஓவர் 18 மணி 55 நிமிடம்! இந்த டிக்கெட் மலிவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கணக்கைச் சரிபார்க்க, 11.00-இலிருந்து மறுநாளுக்கு மறுநாள் 8.15 வரை 45 மணி 15 நிமிடம். கிழக்கே வருவதால் ஒன்பதரையைக் கழிக்க வேண்டும். விடை 35 மணி 45 நிமிடம். மேற்கே போகும்போது அந்த ஒன்பதரையைக் கூட்டியிருப்போம். முதல் டிக்கெட்டின் 10.25-உடன் 9.30-ஐச் சேர்த்துப் பாருங்கள், 19.55 வந்து நிற்கும்.

நள்ளிரவுக்குப் பிறகான விமானங்களில் தேதியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல, பின்னிரவில்தான் கிளம்புகின்றன. 12-ஆம் தேதி அதிகாலை 4.00 மணி விமானம் என்றால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி இரவு. 12-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவரின் விமானம் இருபது மணி நேரத்துக்கு முன்பே போயிருக்கும்.

துபாயின் அந்த 1 மணி 40 நிமிடம் போதுமா என்பது தனிக் கேள்வி. அடுத்த விமானத்தின் கேட்டை, புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். மிஞ்சுவது 80 நிமிடம். அதற்குள் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, தேவைப்பட்டால் டெர்மினல் மாற வேண்டும். முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானால் கையில் 35 நிமிடம்தான். இரண்டு விமானங்களும் ஒரே புக்கிங்கில் இருந்தால், தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால், பொதுவாக இரண்டாவதற்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் கணக்கு இன்னும் இறுகும். பொதுவாக அந்நாட்டில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேர லேஓவர் என்று தாளில் இருந்தால், நீண்ட வரிசை ஒன்றே அதை விழுங்கிவிடும்.

விமான நிறுவனங்களின் கால அட்டவணை மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் பருவம் மாறுகிறது. மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்கிய டிக்கெட்டில், முதல் விமானம் அரை மணி நேரம் தள்ளிப்போனதாக ஒரு மின்னஞ்சல் வந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. இரண்டாவது விமானம் நகராமல் இருந்தால், 1.40 என்றிருந்த லேஓவர் 1.10 ஆகிவிடும். சம்மதம் என்று பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட்டு, நேரம் போதாது என்று தோன்றினால் நிறுவனத்திடமோ ஏஜென்டிடமோ வேறு இணைப்பு விமானம் கேட்கலாம்.