கதை பிடிக்காத வாசகருக்கு

நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நாவல் அடுக்கைத் திரும்பியும் பார்க்காத வாசகர்கள் உண்டு என்று. அவன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டானா, சொத்து யாருக்குப் போனது என்பதிலெல்லாம் இவர்களுக்கு அக்கறை கிடையாது. அறுநூறு பக்கம் காத்திருக்கப் பொறுமையும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் ஒரு விஷயத்தைப் பற்றி நாலு பக்கம் நிதானமாக யோசித்து எழுதியிருந்தால் இரண்டு முறை படிப்பார்கள். இவர்களுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் பெரும்பாலும் சுயமுன்னேற்றப் புத்தகத்தையோ சிறுகதைத் தொகுப்பையோ நீட்டிவிடுகிறோம். இரண்டும் அவர்கள் கேட்டதில்லை.

அவர்கள் கேட்பது கட்டுரை. தமிழில் அதற்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. சாகித்திய அகாதெமி விருது தமிழுக்கு முதன்முதலாக 1955-இல் கொடுக்கப்பட்டபோது, அது போய்ச் சேர்ந்தது ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. லா.ச. ராமாமிர்தம் என்றால் எல்லோருக்கும் அவருடைய கதைகள்தான் ஞாபகம் வரும். அவருக்கு 1989-இல் அந்த விருதை வாங்கித் தந்தது ‘சிந்தாநதி’ என்ற நினைவுக் கட்டுரைகள். எழுதியவர்களும் இருந்தார்கள், மதித்தவர்களும் இருந்தார்கள். புதிய வாசகரிடம் எந்தப் புத்தகத்தை முதலில் கொடுப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

கட்டுரையை வெறுத்து வளர்ந்தவர்கள் நம்மில் அதிகம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் எழுதவைத்த அந்தச் சரக்கை மறந்துவிட வேண்டும். நல்ல கட்டுரை எப்படி நடக்கிறது என்று பார்க்க, எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த இடம் தொ. பரமசிவன். பாளையங்கோட்டைக்காரர், தமிழ்ப் பேராசிரியர், அழகர்கோயிலைப் பற்றி ஆய்வு செய்தவர், 2020 டிசம்பரில் மறைந்தார். ‘அறியப்படாத தமிழகம்’ என்று 1997-இல் வந்த அவருடைய சின்னப் புத்தகத்தில் உப்பு, எண்ணெய், உணவு, உடை என்று நாம் தினமும் தொட்டும் கவனிக்காத பொருள்களே தலைப்புகள். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான்.

அதில் பல்லாங்குழி பற்றி ஒரு கட்டுரை. ஆட்டம் நம்மில் பலருக்குத் தெரியும். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள், எதிரெதிரே இரண்டு பேர். எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கையில் காய்கள், பெரும்பாலும் சோழியோ புளியங்கொட்டையோ. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளலாம். அது காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவருக்குச் சொந்தம். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் தன் கையில் மிஞ்சிய காய்களை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பி அடுத்த சுற்றுக்குப் போகிறார். நிரம்பாத குழிகள் அவருக்கு இல்லை.

இவ்வளவையும் நம் பாட்டிகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தொ.ப. கேட்பது ஒன்றே ஒன்று: ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் சமமாக இருந்த காய்கள் எப்படி ஒருவர் பக்கமே போய்ச் சேர்கின்றன? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகப் பங்கிட்டு வாழ்ந்த ஒரு சமூகத்தில் தனிச்சொத்து தோன்றி, ஒருவர் செல்வராகவும் ஒருவர் வறியவராகவும் ஆன வரலாற்றின் சாயலை அந்தக் குழிகளுக்குள் பார்க்கிறார். ஏற்பதும் மறுப்பதும் நம் இஷ்டம். ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதே வகைக் குழியாட்டங்கள் உண்டே, அங்கெல்லாம் இந்த விளக்கம் பொருந்துமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்தை என் தலைக்குள் போட்டதே அந்தக் கட்டுரைதான்.

கவனிக்க வேண்டியது அதன் வரிசை. முதலில் பொருள், அதுவும் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமாக. பிறகு அதில் யாரும் கேட்காத ஒரு கேள்வி. கடைசியில், ஆசிரியர் பொறுப்பேற்றுக்கொண்டு சொல்லும் ஒரு கருத்து. இதில் முதல் பகுதி இல்லாவிட்டால் கடைசிப் பகுதிக்கு மதிப்பே இல்லை. ‘தனிச்சொத்து மனிதரைப் பிரிக்கிறது’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நாலு காய் சேர்ந்தால் பசு என்று தெரிந்தவர் எழுதும்போதுதான் நாம் உட்கார்ந்து கேட்கிறோம்.

இதே நம்பிக்கையை வேறு வழியில் தருபவர் உ.வே. சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து சங்க நூல்களைப் பதிப்பித்தவர் என்பதாலேயே பலர் அவரைப் பக்கத்தில் நெருங்கப் பயப்படுகிறார்கள். பயம் அநாவசியம். ‘நான் கண்டதும் கேட்டதும்’, ‘புதியதும் பழையதும்’, ‘நல்லுரைக்கோவை’, ‘நினைவு மஞ்சரி’ என்ற தொகுப்புகளில் இருப்பவை பெரும்பாலும் எண்பதை ஒட்டிய வயதில் ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைப் போன்ற சின்னச் சின்ன நினைவுகள். சங்கீத வித்துவான்கள், ஜமீன்தார்கள், மடத்துத் தம்பிரான்கள், வாயாடிகள் எல்லோரும் வருகிறார்கள். அவருடைய ‘என் சரித்திரம்’ கூட 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர்தான். 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் பாதியில் நின்றுவிட்டது. ஒவ்வோர் அத்தியாயமும் தனித் தலைப்போடு சில பக்கங்களில் முடிந்துவிடும் என்பதால், கதையோட்டம் பிடிக்காதவர் நடுவில் எங்கே திறந்தாலும் நஷ்டமில்லை.

பத்திரிகைப் பத்தி வேறு ஜாதி. கட்டுரையாளர் சொல்ல விஷயம் கிடைத்தபோது எழுதுகிறார். பத்தி எழுதுபவர் விஷயம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறித்த நாளில் எழுதியாக வேண்டும். இடமும் அளந்து கொடுத்த இடம். இதனால் பத்தியாளர் ஒவ்வொருவரும் ஒரு உபாயம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து சுதேசமித்திரனுக்கு எழுதிய பாரதி, ‘தராசு’ பத்தியில் பேசும் தராசு ஒன்றை வைத்துக் கடை போட்டார். கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், தராசு பதில் சொல்லும். அரசியலோ கவிதையோ ஊர்வம்போ, எதை வேண்டுமானாலும் அந்தக் கடைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

சுஜாதாவின் உபாயம் வேறு. கணையாழி 1965-இல் டெல்லியில் தொடங்கியபோது அதன் கடைசிப் பக்கம் அவர் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதினார். ஒரே பக்கத்தில் ஒரு சினிமா, ஒரு புதுக்கவிதை, ஏதோ ஒரு விஞ்ஞானச் செய்தி, யார் காலையாவது வாரும் ஒரு வரி என்று சம்பந்தமில்லாதவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எதையும் முழுக்க விளக்கவில்லை. பல பத்தாண்டுகள் எழுதிய அந்தப் பக்கங்கள் பின்னால் ‘கணையாழியின் கடைசிப் பக்கங்கள்’ என்று தடித்த புத்தகமாயின.

அங்கேதான் ஒரு சிக்கல். மாதம் ஒரு பக்கமாகப் படிக்க எழுதியதை ஒரே மூச்சில் ஐம்பது பக்கம் படித்தால் திகட்டும். ஒரே வகைக் கிண்டல் ஏழாவது முறை வரும்போது சிரிப்பு வராது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்த பெயர்கள் இன்றைக்கு அடிக்குறிப்பு கேட்கும். இது எழுதியவரின் குற்றமில்லை. இரண்டு இதழ்களுக்கு நடுவே இருந்த ஒரு மாத இடைவெளியும் அந்த எழுத்தில் ஒரு பங்கு. தொகுப்பாக்கும்போது அந்த இடைவெளி அச்சேறுவதில்லை. வாசகர்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்தித் தொகுப்பை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளலாம், சோறாகச் சாப்பிடக் கூடாது.

கடைசியாக, ஒரு போலியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வார இதழ்ப் பத்தியில் ஒரு அச்சு உருவாகிவிட்டது. எழுத்தாளர் ரயிலில் போகிறார். எதிர் இருக்கையில் ஒரு முதியவர். அவர் தன் துயரத்தைச் சொல்லிவிட்டு, இறங்கும்போது ஒரு தத்துவ வரியை உதிர்க்கிறார். எழுத்தாளர் வண்டி நகரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தடம் போட்டவர்கள் நன்றாகவே எழுதினார்கள், எஸ். ராமகிருஷ்ணனின் ‘துணையெழுத்து’ ஆனந்த விகடனில் வந்தபோது அந்த நெகிழ்ச்சி புதிதாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் முதியவரையும் ரயிலையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவை கட்டுரை வேஷத்தில் வரும் கதைகள். கதை வேண்டாம் என்று வந்த வாசகருக்கு அதே கதை, அதுவும் அரைகுறையாக.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடையில் நின்றபடியே நடுவிலிருந்து ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து, கடைசிப் பத்தியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மீதி இருப்பதிலிருந்து முன்பு தெரியாத ஏதாவது ஒன்று, ஒரு தகவலோ ஒரு கேள்வியோ, கிடைத்திருந்தால் வாங்கலாம். மறைத்த பத்தியில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிடலாம். ஆசிரியருக்கு எத்தனை தலைப்புகள் உண்மையில் தெரியும் என்பதைப் பொருளடக்கமும் காட்டிக்கொடுக்கும். ‘அன்பு’, ‘நம்பிக்கை’, ‘மௌனம்’ என்று போகிற பொருளடக்கத்தைவிட ‘உப்பு’, ‘உரல்’ என்று போவதை நான் நம்புவேன்.

முதல் புத்தகமாக எதை வாங்குவது என்று கேட்டால், ‘அறியப்படாத தமிழகம்’ என்பேன். அதன் கட்டுரைகள் பின்னால் ‘பண்பாட்டு அசைவுகள்’ என்ற பெரிய தொகுப்பிலும் சேர்ந்திருக்கின்றன. உ.வே.சா.வின் எழுத்துக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. ‘என் சரித்திரம்’ மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் இலவசமாகவே இருக்கிறது. சுஜாதாவை மூன்றாவதாக வாங்குங்கள், தினம் இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்காதீர்கள்.