முதல் மொழிக்கு வயது வரம்பு உண்டா?

1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு சிறுமியை மீட்டார்கள். வயது 13. கைக்குழந்தைப் பருவம் தாண்டியதிலிருந்தே ஓர் அறையில் கட்டிப்போட்டு, யாரும் பேச்சுக் கொடுக்காமல் வளர்க்கப்பட்டவள். ஆய்வாளர்கள் அவளுக்கு வைத்த புனைபெயர் ஜீனி. மீட்ட பிறகு ஏராளமான சொற்களைக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவற்றை இலக்கணத்தோடு கோத்து வாக்கியமாக்கக் கடைசிவரை வரவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் எரிக் லென்னெபர்க் என்ற அறிஞர், முதல் மொழியை இயல்பாகக் கற்கும் காலம் ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்கிப் பருவமடையும்போது முடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். ஜீனி அதற்குச் சாட்சியாகிவிட்டாள். பாடப்புத்தகங்களில் இன்றும் அவள்தான் சாட்சி.

என் பார்வையில் அது பலவீனமான சாட்சி. அடி, பட்டினி, தனிமை எல்லாவற்றையும் சேர்த்து அனுபவித்த பெண் அவள். பிறவியிலேயே மூளைக் குறைபாடு இருந்ததா என்ற கேள்வியும் தீரவில்லை. இலக்கணம் வராமல் போனதற்கு எது காரணம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

நம்பத் தகுந்த சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். சைகை மொழி அறியாதவர்கள். அமெரிக்காவில் அந்நாளில் பல பள்ளிகள் சைகையைத் தடைசெய்து, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கின. அது கைகூடாத பிள்ளைகள் ஐந்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ விடுதிப் பள்ளிக்குப் போன பிறகுதான் அமெரிக்கச் சைகை மொழியைக் கண்டார்கள். வீட்டில் அன்புக்கும் சோற்றுக்கும் குறைவில்லை. இல்லாமல் போனது மொழி மட்டும்.

எலிசா நியூபோர்ட் இவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்: பிறந்தது முதல் சைகை மொழி கண்டவர்கள், நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கியவர்கள், பன்னிரண்டுக்குப் பின் தொடங்கியவர்கள். எல்லாரும் முப்பது ஆண்டுகளாவது அதிலேயே புழங்கியவர்கள். ஆகவே பழக்கம் போதாது என்று சொல்ல வழியில்லை. அடிப்படைச் சொல் வரிசையில் மூன்று குழுவுக்கும் வேறுபாடு இல்லை. வினைச்சொல்லின் உள்ளமைப்பில்தான் பிசகு தெரிந்தது. அந்த மொழியில் ஒரு பொருள் நகர்வதைக் காட்டும்போது, கையின் வடிவம் நகர்வது எது என்பதையும், கை போகும் பாதை எப்படி நகர்ந்தது என்பதையும் தனித்தனியே சொல்லும். தாமதமாகக் கற்றவர்கள் இந்த உறுப்புகளைச் சில இடங்களில் விட்டுவிட்டார்கள், அல்லது முழுச் சைகையையும் பிரிக்காமல் ஒரே கட்டியாகப் பயன்படுத்தினார்கள். நான்கு வயதில் தொடங்கியவர்களும் பிறவியிலிருந்தே கற்றவர்களை எட்டவில்லை. பருவமடையும் நாளில் சட்டென்று மூடும் கதவு எதுவும் இங்கே தெரியவில்லை. சரிவு மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. வயதான பிறகு எதைக் கற்றாலும் கடினம்தானே, இதில் முதல் மொழிக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

ரேச்சல் மேபெரி 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஏறத்தாழ ஒரே வயதில், அதாவது குழந்தைப் பருவம் கடந்த பிறகு, சைகை மொழியைத் தொடங்கிய இரண்டு குழுக்களை அவர் ஒப்பிட்டார். ஒரு குழுவினர் காது கேட்கப் பிறந்து, ஆங்கிலம் பேசி வளர்ந்து, பிறகு செவித்திறன் இழந்தவர்கள். அவர்களுக்குச் சைகை இரண்டாம் மொழி. மற்றவர்கள் பிறவியிலேயே கேளாதவர்கள். அவர்களுக்கு அதுதான் முதல் மொழி. நீண்ட வாக்கியங்களைக் காட்டி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். தொடங்கிய வயது ஒன்றுதான். வேறுபாடு, சிறு வயதில் ஏதேனும் ஒரு மொழி உள்ளே போயிருந்ததா என்பதில் இருந்தது.

2002இல் அவரும் சகாக்களும் இதையே திருப்பிப்போட்டுப் பார்த்தார்கள். குழந்தையிலேயே சைகை மொழி கற்ற கேளாதோர், பின்னாளில் கற்ற ஆங்கில இலக்கணத்தில், வேறு பேச்சுமொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த கேட்போருக்கு இணையாக நின்றார்கள். தொடக்கத்தில் எந்த மொழியும் கிடைக்காதவர்கள் மிகவும் பின்தங்கினார்கள். முதல் மொழி கையால் வந்ததா வாயால் வந்ததா என்பது பொருட்டாகவே இல்லை.

சைகை பழகினால் பிள்ளை பேசாது என்று சொல்பவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். காதுக் கருவியோ காக்ளியர் அறுவைச் சிகிச்சையோ பலன் தருமா என்று பார்த்துக் காத்திருக்கும் மாதங்களிலும் குழந்தைக்கு ஒரு மொழி வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் மொழிப் பயிற்சியும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடந்ததா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.