சொத்து அடமானம் இல்லாமல் தொழில் கடன்

குறுந்தொழில் நடத்துபவர் 10 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்டால், அதற்காக வீட்டுப் பத்திரத்தையோ வேறு சொத்தையோ வங்கி பிணையாகக் கேட்கக் கூடாது என்று 2010 மே மாதச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிக்கு வரும் நஷ்டத்தில் பெரும்பகுதியை ஏற்க, மத்திய அரசும் சிட்பி வங்கியும் 2000-ஆம் ஆண்டில் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. கிளைகள் அந்த உத்தரவாதத்தைப் பெறுவதை ஊழியர்களின் பணி மதிப்பீட்டிலும் சேர்க்கும்படி அதே சுற்றறிக்கை வங்கிகளை ஊக்குவித்தது.

உற்பத்தி, சேவை, வணிகம் ஆகிய மூன்று துறையினரும் இந்த உத்தரவாதத்துக்குத் தகுதி உடையவர்கள். உத்யம் பதிவு வேண்டும். விவசாயக் கடனும் சுயஉதவிக் குழுக் கடனும் இதில் வராது. கடன் பணத்தில் வாங்கும் எந்திரமும் சரக்கும் வங்கியின் பொறுப்பில் எழுதப்படும். அதைச் சொத்து அடமானமாகக் கருதக் கூடாது. மூன்றாம் நபரின் ஜாமீனும் தேவையில்லை.

உத்தரவாதம் இலவசமாகக் கிடைப்பதில்லை. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் 8 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். 2023 ஏப்ரலில் வந்த விகிதப்படி 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஆண்டுக் கட்டணம் 0.37 சதவீதம். முதல் ஆண்டில் 2,960 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி. மறு ஆண்டு நிலுவை 6 லட்சமாகக் குறைந்திருந்தால் 2,220 ரூபாய். கடன் 10 லட்சத்தைத் தாண்டி 50 லட்சத்துக்குள் இருந்தால் விகிதம் 0.55 சதவீதம் ஆகிவிடும். பெண் தொழில்முனைவோருக்குச் சலுகை உண்டு. அறக்கட்டளைக்குக் கட்டணம் செலுத்துவது வங்கிதான் என்றாலும், பல வங்கிகள் அதைக் கடன் கணக்கில் பற்று வைத்துவிடுகின்றன. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் திட்டத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. கடன் தவறினால் அரசு கட்டிவிடும் என்று நினைக்கிறார்கள். லேத் பட்டறைக்காரர் 6 லட்சம் பாக்கியோடு நின்றுவிட்டால், அறக்கட்டளை அதில் 75 சதவீதத்தை, அதாவது நாலரை லட்சத்தை ஏற்கும். அதிலும் முக்கால் பங்கான 3,37,500 ரூபாய் முதலில் வங்கிக்கு வரும். மீதி, வசூல் நடவடிக்கைகள் முடிந்த பிறகே. மிஞ்சும் ஒன்றரை லட்சம் வங்கியின் தலையில் விழும். கடன்காரரின் பாக்கியோ ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. அவரிடம் வசூலிக்க வேண்டிய கடமை வங்கிக்கு இருக்கிறது. வசூலான தொகையில் அறக்கட்டளைக்கும் பங்கு போகும். வாராக்கடன் என்ற குறிப்பு கடன் வரலாற்றில் ஏறி, அடுத்த கடனைத் தடுக்கும்.

ஒன்றரை லட்சத்தின் சுமை வங்கியிடம் இருப்பதால்தான் மேலாளர் வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி கணக்கையும் துருவிப் பார்க்கிறார். தொழில் நிற்காது என்று தோன்றினால் அவர் மறுக்கலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனால் 10 லட்சத்துக்கு உட்பட்ட கடனைச் சொத்துப் பிணை இல்லை என்பதற்காக மட்டும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவிலும், அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.